நான் போட்ட ஓட்டை

பிழையான தமிழைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸிலும் அரசாங்கக் கந்தோரிலும் எழுதி வைத்திருக்கும் கண்றாவித் தமிழைப் படம் பிடித்து, கூடப் படித்தவர்களுக்குப் போனில் அனுப்பி, "பார்த்தீங்களா, நம்ம பாஷையைக் கொலை செய்றாங்க" என்று எழுதுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. இருபது வருடமாக இந்த மலைநாட்டு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் நடக்கும் இதய நோய் கிளினிக்கில், கண்டியிலிருந்து வரும் சிங்கள டொக்டருக்கும் தேயிலைத் தோட்டத்து நோயாளிகளுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்பவள் நான்தான். அது என் வேலையென்று எந்தக் கடிதத்திலும் இல்லை. இரண்டு பாஷையும் தெரிந்தவள் என்பதால் என் தலையில் வந்து விழுந்தது. நானும் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அந்தத் தாயும் மகளும் முதல் தடவை வந்த நாளில் வெளியே உட்காரும் வாங்குகள் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். தாய் கொழுந்து பறிப்பவர். மகளுக்குப் பதினான்கு வயது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்து, அது ஆறிச் சில வாரம் கழித்து முழங்கால் வீங்கிக் காய்ச்சலும் வந்திருக்கிறது. டொக்டர் அவளைப் படுக்க வைத்து ஸ்கேன் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, இதயத்தைப் படமாக வரைந்து, சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். ஐந்து நிமிடமாவது பேசியிருப்பார். நல்ல மனிதர். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அவசரமெல்லாம் எனக்குத்தான்.

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகவே புரிந்தது. தொண்டைக் காய்ச்சலை எதிர்க்கப் போன உடம்பு, குழம்பிப் போய்த் தன் இதய வால்வையே தாக்கிவிட்டது. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு சரியாக மூடவில்லை. அதனால் கொஞ்சம் இரத்தம் பின்னால் போகிறது. இப்போது சிறிய அளவுதான். ஆனால் இன்னொரு தடவை அந்தத் தொண்டைக் காய்ச்சல் வந்தால் வால்வு மேலும் கெடும். அது வராமல் தடுக்கத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி. அதை வருடக்கணக்கில் விடாமல் போடவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இனி உன் பாடு என்பது போல் என்னைப் பார்த்தார்.

நான் ஆங்கிலத்தில் படித்து, சிங்களத்தில் வேலை செய்பவள். வால்வுக்குத் தமிழில் என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. 'லீக்' என்று டொக்டர் சொன்னது மட்டும் காதில் நின்றது. லீக் என்றால் ஒழுக்கு. நான் பிறந்தது றொசல்லப் பக்கத்து லயம் ஒன்றில், தகரக் கூரை போட்ட தோட்டத்து வரிசை வீட்டில். மழை பெய்தால் ஒழுகும், ஒழுகினால் தகரத்தில் ஓட்டை இருக்கும். வேறென்ன யோசிக்க இருக்கிறது?

"பிள்ளைக்கு இதயத்துல ஓட்டை. சின்ன ஓட்டைதான். மூணு கெழமைக்கு ஒருக்கா ஊசி போடணும், கிட்ட இருக்க ஆஸ்பத்திரியில போட்டுக்குங்க" என்றேன். தாய் ஏதோ கேட்க வாயெடுத்தார். "எல்லாம் கொப்பியில எழுதியிருக்கு" என்று கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடப் பேச்சை மூன்று வரியில் முடித்த கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்கு நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வராதவர்கள் நிறையப் பேர். எனக்கு அவர்கள் நினைவே இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து வந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏறும் படிகளில் அந்தப் பிள்ளை மூன்று இடத்தில் உட்கார்ந்து எழும்பி வந்திருக்கிறாள். நான் பிரஷர் பார்க்கும்போது அவளுடைய தோள் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறாளாம்.

"ஊசி ஒழுங்கா போட்டீங்களா?" என்று அதட்டினேன். அதட்டுவது எனக்குக் கைவந்த கலை.

"நாலு தடவ போட்டோம் மிஸ்ஸி. இடுப்பு வலிக்குதுன்னு அழுதிச்சு. நடுவுல தொண்ட நோவும் காலு வீக்கமும் திரும்ப வந்திச்சு. ஓட்டைக்கு ஊசி போட்டு என்னாங்க செய்யிறது? பொறக்கும்போதே வந்தத ஊசியா அடைக்கப் போகுது?"

"பிறக்கும்போதே வந்ததுன்னு யாரு சொன்னா?"

கேட்ட பிறகுதான் எனக்குள் ஏதோ இடறியது. தாய் குரலைத் தாழ்த்தினார். மகளுக்குக் கேட்கக் கூடாதென்று என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"ஓட்டைன்னா வயித்துல இருக்கும்போது வர்றதுதானங்க? இவ வயித்துல இருக்கப்ப ஒரு கிரகணம் வந்திச்சு. வூட்டுல வெறகு இல்ல. கவ்வாத்து வெட்டுன தேயில மெலாரு குச்சிங்கள வெளிய நின்னு கத்தியால துண்டு போட்டுட்டேன். நாத்தனா அப்பவே சத்தம் போட்டாங்க. இப்ப ஓட்டைன்னு தெரிஞ்சதும், நீதான் புள்ளையோட நெஞ்ச வெட்டிட்டேன்னு சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரும் சரியா பேசுறதில்ல. நானும் கோயிலுக்கு நேந்துகிட்டு இருக்கேன்."

ஒன்றரை வருடமாக இந்த மனுஷி கொழுந்துக் கூடையோடு இதையும் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார். ஏற்றிவிட்டது நான். பிள்ளைக்கு இரண்டாம் தடவை காய்ச்சல் வரக் கதவைத் திறந்து வைத்ததும் நான்.

பிரஷர் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன்.

"அம்மா, இது ஓட்டை இல்ல. கதவு. இதயத்துக்குள்ள நாலு அறை இருக்கு, மேல ரெண்டு, கீழ ரெண்டு. வலப்பக்கத்து அறைங்க ஒடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற ரத்தத்த நுரையீரலுக்கு அனுப்பும். அங்க நல்ல காத்து எடுத்துகிட்டு ரத்தம் இடப்பக்கத்து மேலறைக்கு வரும். அங்கேருந்து கீழறைக்கு எறங்கும். கீழறை இறுகிப் புழியும்போது ரத்தம் ஒடம்புக்குப் போவும். வந்த வழியா திரும்பி மேல போயிறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் நடுவுல ரெட்டக் கதவு."

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினேன்.

"மேலேருந்து ரத்தம் வந்தா கதவு கீழ்ப்பக்கமா தானா தொறக்கும். கீழறை புழியும்போது, அந்த ரத்தமே கீழேருந்து தள்ளி கதவ மூடிரும். யாரும் தொறந்து மூடுறதில்ல, ரத்தத்தோட தள்ளுதான். கதவு மேல்பக்கமா மடங்கிப் போயிறாம கீழேருந்து நூலு மாதிரி நாருங்க இழுத்துப் புடிச்சிருக்கும். அதே நேரம் ஒடம்புக்குப் போற பெரிய கொழாயோட கதவு தொறக்கும். புழிஞ்சு முடிஞ்சதும், போன ரத்தம் திரும்பி விழப் பாக்கும், அந்தத் தள்ளுல அந்தக் கதவும் மூடிக்கும். ரத்தத்துக்கு ஒரே வழிதான், முன்னுக்கு மட்டும்."

தாய் தன் கைகளையும் என்னைப் போலவே சேர்த்து வைத்துப் பார்த்தார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் வந்து இந்தக் கதவு தடிச்சுப் போச்சு, சுருங்கிப் போச்சு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதில்ல. அதனால ஒவ்வொரு தடவ புழியும்போதும் கொஞ்ச ரத்தம் மேலறைக்கே திரும்பிப் போவுது. மேலறை பெருத்துப் போவுது. நுரையீரல்லேருந்து வர்ற ரத்தத்துக்கு எடமில்லாம அங்கயே தேங்குது. அதுதான் மூச்சு வாங்குது."

"அப்ப கிரகணத்தால வந்ததில்லயா?"

"இல்லம்மா. பொறக்கும்போது பிள்ள நல்லாத்தான் பொறந்திச்சு. தொண்டக் காய்ச்சல்ல வந்தது. அது திரும்ப வரக் கூடாதுன்னுதான் ஊசி."

தாய் சேர்த்து வைத்த கைகளைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க ஓட்டைன்னுதானங்க சொன்னீங்க மிஸ்ஸி."

அதில் கோபம் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார். ஆமாம், நான்தான் தப்பாகச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஐந்து சொல் போதும். அதற்குள் டொக்டர் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். கூப்பிட்டாரே என்று நிம்மதிப்பட்டதும் உண்மை.

பிள்ளையின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வால்வு தைத்துச் சரிசெய்ய முடியாதபடி கெட்டிருந்தது. பிறகு ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் வால்வில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் தினமும் மாத்திரை போடவேண்டும், அடிக்கடி இரத்தம் சோதிக்கவேண்டும். சின்ன ஒழுக்காகவே நின்றிருக்கக்கூடிய ஒன்று. நிச்சயமாக நின்றிருக்கும் என்று எந்த டொக்டரும் சொல்ல மாட்டார். நான் அந்தச் சந்தேகத்தில் ஒளிந்துகொள்வதும் உண்டு.

அன்றைக்கு அறைக்குள் டொக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்தார். முகம் மாறியது. ஏன் ஊசியை நிறுத்தினார்கள் என்று என்னிடம் கேட்டார். பிறவி ஓட்டை என்று நினைத்து நிறுத்திவிட்டார்களாம் என்றேன்.

"கவுத கிவ்வே?"

யார் சொன்னது? அவர் கேட்டது என்னைத்தான். பதில் எனக்குத் தெரியும், சிங்களத்திலேயே தெரியும். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாயின் பக்கம் திரும்பி, ஏதோ எனக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வியைக் கடத்துபவள் போல, "ஓட்டைன்னு யாரு சொன்னாங்கன்னு டொக்டர் கேக்குறாரு" என்றேன்.

தாய் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"லயத்துல சனங்க பேசிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க மிஸ்ஸி."

சொன்னேன். சிங்களத்தில், தெளிவாகச் சொன்னேன்.

டொக்டருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. படிக்காதவர்களின் பேச்சைக் கேட்டுப் பெற்ற பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே, இங்கே நாங்கள் சொல்வதை ஏன் கேட்கவில்லை என்றார். இதை அப்படியே சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

ஒரு சொல் குறையாமல் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னேன்.

"சரிங்க மிஸ்ஸி" என்று தலையைக் குனிந்துகொண்டார் அந்தத் தாய். "இனிமே கண்டவங்க பேச்சக் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அதையும் டொக்டருக்குச் சொன்னேன்.