மதிய இடைவேளையில் என்ன பார்க்கலாம்

எங்கள் கந்தோரில் முதலில் இருந்த கணினி விதிகளை யாரும் வாசித்ததில்லை. அதை எழுதியவரே வாசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கொழும்பில் யாரோ ஒரு சட்டத்தரணி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆவணத்தை எடுத்து, பெயரை மாற்றி அனுப்பியிருந்தார். ஓரிடத்தில் மாற்றவும் மறந்துபோனார். தடிமனான ஆங்கிலக் கட்டு அது. ஊழியர்கள் தேத்தண்ணி குடிக்கப் போகிற வழியில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கையெழுத்துகளைச் சேர்க்கிற வேலை ஆளணிப் பிரிவில் இருந்த என்னுடையது. நானும் வாசிக்காமல்தான் வைத்தேன்.

கண்டி நகரில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன ஏற்றுமதிக் கம்பெனி அது. தேயிலை, கறுவா, கராம்பு. போரின் கடைசி மாதங்கள். கண்டியில் சண்டை இல்லை, ஆனால் பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் தமிழர்கள் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் 'பிறகு பேசுறேன்' என்று வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் எங்கள் கந்தோரில் ஒருவர் தெரியாத ஒரு மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்துவிட்டார். வைரஸ் எங்கள் பெயரிலேயே வாங்குவோருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மின்னஞ்சலை மூடிவைத்துச் சுத்தம் செய்யவேண்டி வந்தது.

பணிப்பாளர் எல்லோரையும் கூட்டி, விதிகளை வாசித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. அவருடைய கையும்தான்.

என்னைக் கூப்பிட்டு, "ஆட்கள் வாசிக்கிற மாதிரி ஒன்று எழுதுங்கள், மூன்று மொழியிலும்" என்றார். நான் புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ் வீட்டிலும் சிங்களம் பஸ்ஸிலும் ஆங்கிலம் அடி வாங்கியும் படித்தது. அந்த மூன்றும் அன்றுதான் ஒருசேர உதவிக்கு வந்தன.

எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு மேசையாகப் போய், உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்டேன். யாரும் "தகவல் பாதுகாப்பு" பற்றிக் கேட்கவில்லை. என் சொந்த மின்னஞ்சலைப் பார்க்கலாமா? லப்டொப் தொலைந்தால் சம்பளத்தில் வெட்டுவீர்களா? வீதியில் மறித்து, லப்டொப்பைத் திறந்து காட்டு என்று ஆமிக்காரன் சொன்னால் என்ன செய்வது? நான் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்? அந்தக் கேள்விகளையே தலைப்பாகப் போட்டு, கீழே இரண்டு மூன்று வரியில் பதில் எழுதினேன். தொலைந்தால் உடனே சொல்லுங்கள், சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்படமாட்டார்கள். ஆமி கேட்டால் திறந்து காட்டுங்கள், வாதாட வேண்டாம், பிறகு எங்களிடம் சொல்லுங்கள். சந்தேகமான இணைப்பு வந்தால் அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். எல்லாம் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

'நான் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்' என்ற கடைசிக் கேள்விதான் வாக்குவாதத்தில் முடிந்தது. கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊரான மடவளையில் இருந்து வருகிற முஸ்லிம் ஒருவர். எந்தப் பெயரில் உள்ளே போனவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது பதிவாகும், மூன்று மாதம் இருக்கும் என்று அவர் விளக்கினார். அதை அப்படியே எழுதினேன். முறைப்பாடு வந்தால் மட்டும் பார்ப்போம், இரண்டு பேர் சேர்ந்துதான் பார்ப்போம் என்றும் எழுதினேன். பொலிஸ் கேட்டால் என்ன என்பதற்கு என்ன எழுதுவது?

"அதை விட்டுவிடுங்களேன்" என்றார் பணிப்பாளர். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"விட்டா, அது தெரியவர்ற அன்னைக்கு மிச்ச எல்லாத்தையும் பொய்னு நினைப்பாங்க சேர்" என்றேன்.

கடைசியில் சம்மதித்தார். 'சட்டப்படி அதிகாரிகள் கேட்டால் பதிவைக் கொடுக்கவேண்டி வரும். அதைத் தடுக்க எங்களால் முடியாது.' அந்த வரி மூன்று மொழியிலும் போனது. தமிழில் யார் அதை இரண்டு தடவை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கணக்குப் பிரிவில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவருடைய ஒரே தம்பி வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். சண்டை நெருங்கிய பிறகு அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. தம்பி உயிரோடு இருக்கிறானா என்ற ஒரு கேள்வியோடு அந்தப் பெண் காலையில் வந்து, மாலையில் அதே கேள்வியோடு போவார்.

ஒருநாள் மடவளைக்காரர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "மிஸ், ஒரு விஷயம் ஈக்குது. ஷிப்பிங் மிஸ்ஸிட பேர்ல பகல் நேரத்துல ஒரே தமிழ்ச் செய்திதான் தொறந்தீக்கி. அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே."

ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிற அந்தச் சிங்களப் பெண் குண்டசாலையில் இருந்து வருபவர். கலகலப்பானவர், வாய் ஓயாதவர். அவரிடம் கேட்டேன். மறைக்கவே இல்லை. "அக்காவுக்கு என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். தம்பியைத் தேடுறாங்க. அவங்க பேர்ல தேடினா கேள்வி வரும். என் பேர்ல தேடினா யாரும் கேட்கமாட்டாங்க" என்றார், சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே. சரியாகத்தான் சொன்னார். அந்த நாட்களில் நாடே அப்படித்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் நடப்பதற்கு நீங்களே பொறுப்பு என்று அன்று காலையில்தான் எழுதியிருந்தேன். உலகத்தில் எந்தக் கந்தோரிலும் அந்த வரியை எழுதாமல் இருக்க முடியாது. வைரஸை உள்ளே விட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கும் ஒரே கடவுச்சொல்லைப் பலர் பாவித்ததுதான் காரணம். இப்படி ஒரு நல்ல வரி இப்படி ஓர் இடத்தில் போய் இடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன். 'மதிய இடைவேளையில் என்ன பார்க்கலாம்?' பதில்: சொந்த மின்னஞ்சல், செய்தி, குடும்பத்தார் பற்றிய விபரம், எந்த மொழியிலும், உங்கள் சொந்தப் பெயரில். 'எந்த மொழியிலும்' என்பதைப் பணிப்பாளர் பேனையால் வட்டமிட்டார். பிறகு அந்த வட்டத்தை அவரே வெட்டிவிட்டார்.

விநியோகிக்கும் முன் சிலரைக் கூப்பிட்டு, வாசித்துவிட்டு உங்கள் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் பிழையாகச் சொன்னால் பிழை என் எழுத்தில். யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, "இது உண்மை தானே அக்கா, பொலிஸ் கேட்டால் குடுக்கத்தான் வேணும் எண்டது?"

"ஆமா."

"அப்ப என்ர பேரில வேண்டாம். அவவின்ர பேரிலயும் இனி வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஏன் கரைச்சல்." தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இடைவேளையில் கணினிப் பக்கம் போகவில்லை. கதிரையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார். நான் எழுதியதை உண்மையாகவே வாசித்த முதல் ஆள் அவர். அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து குண்டசாலைப் பெண். சிங்களப் பிரதியை வாசித்துவிட்டுத் தன் பாணியில் சொன்னார். "பாஸ்வேர்ட் கொடுக்கக் கூடாது. சரி. ஆனா பகல்ல நானே, என் பேர்ல, எந்த மொழியிலயும் பார்க்கலாம்?"

"பார்க்கலாம்."

"தெரியாத மொழியிலயும்?"

அதற்கு விதி எழுதவில்லை என்றேன். சிரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் குண்டசாலைப் பெண் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் போய், தம்பியின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். "நான் பார்க்கிறதுக்கு நான் பதில் சொல்றேன் அக்கே, அங்க அப்படித்தானே எழுதியிருக்கு" என்று என் தாளையே காட்டி அவரை மடக்கினார். தகப்பன் பெயரின் முதல் எழுத்து, பெயர், ஊர் என்று எழுதி வாங்கிக்கொண்டார். முகாம்களுக்கு வந்தவர்கள், காயப்பட்டவர்கள் என்று தமிழ்ச் செய்திகளில் வந்த பெயர்ப் பட்டியல்கள் படமாகப் போடப்பட்டிருந்ததால் தேடுகிற பொத்தான் உதவாது, கண்ணால்தான் பார்க்கவேண்டும். எங்கெங்கே பார்ப்பதென்பது யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பழைய தேடல்களிலிருந்து குண்டசாலைப் பெண்ணின் கணினியிலேயே இருந்தது. வளைவையும் கொம்பையும் புள்ளியையும் ஒப்பிட்டு, விரலைத் திரையில் வைத்து, வரி வரியாக இறங்குவார். இரண்டு மூன்று தடவை எங்களைக் கூப்பிட்டார். ஒருதடவை ஊர் வேறு. ஒருதடவை அது ஒரு பெண்ணின் பெயர். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். யாழ்ப்பாணத்துப் பெண் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று வீதியில் பட்டாசு வெடித்த நாட்களுக்குப் பிறகு, ஒரு மதியம், குண்டசாலைப் பெண் கணக்குப் பிரிவுக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கே, வாங்க. இந்த முறை சரி. எல்லா எழுத்தும் சரி. ஊரும் சரி." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கே நின்ற நானும் பின்னாலேயே போனேன்.

அவருடைய விரல் நின்ற இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. முதல் எழுத்து, ஊர், பக்கத்தில் 'ஆசிரியர்'. நான் மேலே பார்த்தேன். எறிகணை வீச்சில் உயிரிழந்தோர் என்று இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் எனக்கு முதலே அதைப் பார்த்திருக்கவேண்டும். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"எந்த முகாம் அக்கே? போய்ப் பார்க்க விடுவாங்களா?"

யாழ்ப்பாணத்துப் பெண் நன்றாகச் சிங்களம் பேசுவார். அன்று அவருக்கு அது வரவில்லை. "நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்று என்னிடம் சொன்னார்.

எத்தனை கடினமான சொல்லையெல்லாம் இலகுவான சிங்களத்தில் எழுதியிருந்தேன். அந்தத் தலைப்புக்கு இலகுவான சொல் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

குண்டசாலைப் பெண் திரையிலிருந்து விரலை எடுத்தார். "நான் சிரிச்சுக்கிட்டு வந்து கூப்பிட்டேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அழ ஆரம்பித்தது அவர்தான். தம்பியைப் பறிகொடுத்தவர் அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவருக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அவவுக்குச் சொல்லுங்கோ. அவ தேடாட்டி நான் சாகுமட்டும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பன்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். குண்டசாலைப் பெண் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார்.