இட்லி ஆவிக்குள் நுழைந்த கை

என் மனைவி எழுதும் ஸ்கிரிப்டில் எப்போதும் இரண்டு பத்திகள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. அந்த முறை எழுதியது மயிலம் மலையடிவாரத்துக் காலைக் கடைகளைப் பற்றி ஒரு நிமிட ரீலுக்கு. சாப்பாட்டு வீடியோ போடும் ஒரு இணையப் பக்கத்தார் எழுதவும் குரல் கொடுக்கவும் ஆள் தேடினார்கள். மாலைக்குள் மாதிரி ரீல் அனுப்ப வேண்டும். முதல் மூன்று நொடியில் பார்க்கிறவர் வயிற்றைக் கிள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். கரகரத்த குரல் என்று பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அவள் கையில் மைக்கைக் கொடுத்ததில்லை. அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குத்தான் கோபம் வரும்.

விழுப்புரத்தில் இருட்டோடு பஸ் ஏறும்போதே எனக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டாள். எல்லாக் கடையையும் எடுத்து முடிக்கும்வரை நான் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

“வயிறு ரொம்பினவன் கடிக்கிறது போன்ல அப்பட்டமா தெரியும்ங்க” என்றாள்.

ஒவ்வொரு கடையிலும் முதலில் அனுமதி கேட்டாள். பிறகு தூரத்திலிருந்து ஒன்று, வேலை செய்யும் கையைக் கிட்டத்தில் ஒன்று, கடைசியாகப் பண்டத்தைப் பிட்டுக் காட்டுவது ஒன்று. வடைச் சட்டியருகே யாரையும் பேசவிடவில்லை. எண்ணெய் சலசலப்பது தனியாக வேண்டுமாம். சுக்கு காபி ஆற்றும்போது வெளிச்சத்துக்கு எதிரே என்னை நிறுத்தினாள், அப்போதுதான் ஆவி தெரியும் என்று. கேப்பைக் கூழில் மோர் ஊற்றியதை எடுத்தபோது என் வயிறு போட்ட சத்தமும் பதிவாகிவிட்டது. அவள் முறைத்தாள். பட்டினி போட்டுவிட்டு முறைக்கவும் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அவள் வேலை செய்கிற அழகை வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி கடை இட்லிக் கடை. ரீலின் தொடக்கமே அதுதான். மூடி திறக்க, ஆவி எழும்ப, அது விலகியதும் இட்லிகள் வெள்ளையாகத் தெரிய, “மலை கண் விழிக்கும் முன்பே பசி கண் விழிக்கிறது” என்று அவள் சொல்ல வேண்டும். கடைக்கார அக்கா மாவுப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

“இதாம்மா கடைசி ஈடு. இதோட கடைய மூடிக்கினு போய்டுவேன். ஜல்தியா எடுத்துக்க.”

லென்சைத் துடைத்துவிட்டுப் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தட்டில் அக்கா மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியை முன்கூட்டியே ஊற்றி, “ரெண்டு நிமிஷம் பொறுங்க” என்று என்னிடம் கொடுத்திருந்தார். மூடி திறந்தது. வாசனை வந்தது. அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தட்டோடு என் கை ஆவிக்குள் போயிருந்தது.

“இன்னாங்க நீங்க! எல்லாம் போச்சே!” அவள் கண் கலங்கிவிட்டது. அதற்குள் இட்லி என் வாயில் இருந்தது. மாவு இல்லை, மறுபடி எடுக்க வழியில்லை.

வீட்டுக்கு வந்தோம். ஃபேனை நிறுத்தி, போர்வையை மூடிக்கொண்டு குரல் பதிய உட்கார்ந்தவள், அந்த வீடியோத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிறகு, மலை கண் விழிக்கும் வரியை ஒரே கோடாக அடித்தாள். போர்வைக்குள்ளிருந்து கரகரத்த குரல் கேட்டது.

“ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னாங்க. இந்தக் கைக்கு அது முடியல.”

வெளியில் நின்ற எனக்கு மறுபடி பசித்தது. சத்தம் வைக்காமல் பார்ப்பவர்களுக்காக அந்த வரியைத் திரையிலும் எழுத்தாகப் போட்டாள். மற்ற கடைகளை நடந்துபோகும் வரிசையிலேயே அடுக்கினாள். கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் மடங்காமல் தெரியும் என்பதால், முக்கியமானதை அதிலேயே வைத்தாள்:

“மாவு தீர்ந்தால் கடை மூடிவிடும், விடிந்ததும் வந்துவிடுங்கள். மயிலம் மலையடிவாரம். திண்டிவனத்திலிருந்து வருகிறவர்கள் வழியில் டிபனுக்கு உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் சுக்கு காபி, பிறகு வடை, கூழ், கடைசியில் இட்லி. எல்லாம் சைவம். கை என் வீட்டுக்காரருடையது, பசியும்தான்.”

அந்தப் பக்கத்தார் ரீலையும் போட்டு, அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, கோயிலுக்குப் போனபோது அந்த இட்லிக் கடை முன்னால் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று என் மனைவி, “அக்கா, ரெண்டு பிளேட்டு” என்று கேட்டாள். கூட்டம் மறைத்ததில் எங்கள் முகம் அக்காவுக்குத் தெரிய வழியில்லை. மூடியைத் திறந்த அவர் கை அப்படியே நின்றது.

“யாரும்மா அது பேசறது? இந்தக் குரலக் கேட்டுட்டுத்தான் வந்தோம்னு தெனம் பத்துப் பேர் சொல்றாங்க. முன்னால வாம்மா!”

கூட்டம் வழிவிட்டது. அவள் முன்னால் போனாள். இந்த முறை நான் அந்த இரண்டு நிமிடமும் பொறுமையாகக் காத்திருந்தேன்.