துக்கம் உண்டு, விடுமுறை இல்லை

திருவாதவூர்ப் பள்ளித் தலைமையாசிரியை செல்லக்கிளி வாசலுக்கு வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூத்த தலைவர் ஒருவர் இறந்ததால் அரசு துக்கம் அறிவித்திருந்தது. விடுமுறை என்று ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

"லீவுன்னு போட்டிருக்கே டீச்சர்," என்றான் சிவபாண்டி.

"ஆபீஸ்ல கேக்காம யாரும் போகக்கூடாது."

கேட்டைச் சாத்திவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்தக் கடிதம் பழையது. அரசாணைப்படி கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், விடுமுறை கிடையாது என்றார்கள்.

ஆர்த்திகா மட்டும் முன்பே போயிருந்தாள். செல்லக்கிளி ஸ்கூட்டியை விரட்டிப் போய், பஸ் ஏறப்போனவளைப் பிடித்தார்.

"பரீட்சை இருக்கு, ஏறு தாயி."

அன்று ஒருவர்கூடத் தேர்வைத் தவறவிடவில்லை.