அறுபதடி பின்னால்

வயர்லெஸ் டவர் அமைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணபதியில் வீட்டோடு சும்மா இருந்த என்னை, தடாகம் மலையடிவார விவசாயிகள் தேடி வந்தார்கள். யானை இறங்கினால் வனக்காவலர்கள் வாக்கி டாக்கியில் தோட்டங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மலை விளிம்பில் ஒரு டவர் வேண்டும். எங்கே நடுவது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நில உயரங்களைக் கணினியில் ஏற்றினேன். டவர் உச்சியிலிருந்து தெரியும் நிலம், அதாவது சிக்னல் எட்டும் நிலம், பச்சையாக வரும், மேடு மறைப்பது சாம்பலாக வரும். சரிவு தொடங்கும் விளிம்பிலேயே ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து எல்லாத் தோட்டமும் பச்சை. சரிபார்க்க, அங்கே நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கீழே திருப்பினேன். நேர் கீழே பள்ளத்துத் தோட்டக்காரர் வாக்கி டாக்கி செட்டில் கூவினார்: "மின்னுதுங்க! கண்ணு கூசுதுங்க!"

ஆனால் அந்த இடம் மலைக்கோயிலின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. "சாமி பார்வைய மறைக்க வேண்டாமுங்க, ஒரு அறுபதடி பின்னால போட்டுக்கலாமுங்களா?" என்று பூசாரி கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அறுபதடிதானே என்று தலையாட்டினேன். புதிய இடத்துக்குக் கணக்கை மறுபடி ஓட்டவில்லை. கண்ணாடியும் காட்டவில்லை. பின்னால் போனால் விளிம்பே திரையாகி, நேர் கீழே இருப்பதைத்தான் முதலில் மறைக்கும். நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

டவரைத் திறந்த அன்று பள்ளத்துத் தோட்டக்காரரின் செட்டில் வெறும் இரைச்சல். மொட்டை மாடிக்கு ஏறினார், பேச்சு கேட்டது.

"கீழ கேக்கலீங்களே?"

"பேட்டரி கம்மியா இருக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க."

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, யானை இறங்கியதென்று வனக்காவலர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். தோட்டக்காரர் செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் போட நடந்திருக்கிறார். யானை தள்ளியதில் இடுப்பெலும்பு முறிந்தது.

செய்தி கேட்டதும் கணக்கை ஓட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தோட்டம் முழுக்கச் சாம்பல். வீட்டின் மொட்டை மாடி மட்டும் ஓரத்தில் பச்சையைத் தொட்டது.

படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "செட்டு மக்கர் பண்ணிப்போட்டுதுங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். செட்டில் கோளாறு இல்லை, தப்பு என்னுடையது என்று படத்தைக் காட்டினேன். அவர் படத்தை வாங்கி, பக்கத்திலிருந்த மனைவியிடம் கொடுத்தார். மனைவிதான் கேட்டார்.

"இது அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. பார்க்கலை."

"பார்த்திருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்."

டவரை விளிம்பிலேயே, கோயில் வாசலிலிருந்து சற்று விலக்கி, மாற்றி நட்டோம். இம்முறை ஒவ்வொரு தோட்டத்திலும் ஆளை நிறுத்திக் கண்ணாடி காட்டினேன். பள்ளத்துத் தோட்டத்தில் தோட்டக்காரரின் மனைவி நின்றார்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றார். 'ங்க' போடவில்லை.