ஒரே எலும்பில் இரண்டு முறிவு

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். போர்வெல் போடுகிறவர்களின் நசுங்கிய விரலும் முறிந்த காலும் எங்களுக்கு அன்றாடம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால், "இங்கென்ன தேரா ஓடுது?" என்று விரட்டிவிடுவேன்.

ஒரு பிற்பகல் துளை போடும் ரிக் வண்டியில் வேலை செய்யும் ஒருவனை அவன் அண்ணன் தூக்கி வந்தான். இரும்பு ராடு நழுவி மார்பின் வலப்பக்கம் அடித்திருந்தது. அண்ணன் தன் தலைத்துண்டை அவன் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். ரிக்கில் பைப் ஆடினால் சங்கிலி போட்டு இறுக்கிப் பழகிய கை அது.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு உடுங்க. ரிக்கு சும்மா நிக்குது" என்றான் தம்பி. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

படுக்கவைத்தே எக்ஸ்ரே எடுத்தோம். படம் காயப் பொறுமை ஏது? சொட்டச் சொட்ட ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். காறை எலும்பின் அடியில் குட்டையாக வளைந்திருப்பது முதல் விலா. அங்கிருந்து ஒவ்வொன்றாக இறங்கினேன். முதுகெலும்பின் பக்கத்தில், நான்காவது முதல் எட்டாவது வரை ஐந்து விலாக்களிலும் கோடு விழுந்திருந்தது. ஐந்து முறிவு, அவ்வளவுதான் என்று படத்தைக் கீழே வைக்கத் தோன்றும் இடம் அது. ஆனால் விலாவை முதுகில் மட்டும் பார்த்தால் போதாது. முன்னால் இறங்கும் வரை விரலால் தொடர வேண்டும். தொடர்ந்தேன். அக்குள் பக்கம் வளைகிற இடத்தில் அதே ஐந்தும் மறுபடி முறிந்து, முனைகள் படி போல விலகி நின்றன.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எத்தனை முறிவு என்பதல்ல சங்கதி. அடுத்தடுத்த விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால், நடுவில் ஒரு துண்டுச் சுவர் எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கும். அதன் பின்னால் நுரையீரலில் வெள்ளையாக மேகம் கட்டியிருந்தது. உள்ளே நசுங்கி ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

ஓடிப்போய் அண்ணன் கட்டியிருந்த தலைத்துண்டை அவிழ்த்தேன். அவன் மூச்சை இழுத்தபோது மார்பெல்லாம் உயர, அந்த இடம் மட்டும் உள்ளே குழிந்தது. விட்டபோது அது வெளியே புடைத்தது.

இதைச் சமாளிக்கும் மூச்சுக் கருவி சேலத்தில்தான் இருந்தது. வலிக்கு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ரிக் முதலாளியின் காரில் ஏற்றினோம். பிரசவ அறையில் ஒருத்தி துடித்துக்கொண்டிருந்ததால் என்னால் கூடப் போக முடியவில்லை. அண்ணனிடம் படத்தைக் கொடுத்து, "கட்டக் கூடாது, கேட்டுதா? கட்டுனா மூச்சு முட்டும்" என்று அதட்டினேன்.

"சரீங்க, சரீங்க" என்றான்.

சங்ககிரி தாண்டியதும் உயிர் போய்விட்டது என்று சாயங்காலம் போன் வந்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதேன். அதன் அம்மா பயந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் மொட்டைத் தலையோடு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணும். நீங்க வேண்டாம்னு சொல்லியும் கட்டிப்போட்டனுங்க. ஊசி வேகம் எறங்கிப்போயி துடிச்சான். கட்டுங்ண்ணா, கட்டுங்ண்ணான்னு கையைப் புடிச்சு அழுதான். பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க."

கோபம் சுருக்கென்று வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. அவன் கொண்டுவந்திருந்த படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நுரையீரல் மேலிருந்த வெள்ளையைக் காட்டினேன். "இதுதாங்க அவரைக் கொண்டுபோச்சு. நீங்க கட்டுனதுனால இல்லீங்க" என்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அவன் ஒவ்வொரு விலாவாக விரல் வைத்துப் பார்த்தான். முறிந்த இடம் வந்ததும் விரலை மெல்லத் தூக்கிக்கொண்டான்.

"கட்டுனதும் சிரிச்சானுங்க" என்றான். "இப்ப வலிக்கலீங்ண்ணா, செத்த நேரம் தூங்கறேன்னான். வண்டி குலுங்கி முழிச்சுக்கப் போறான்னு, டிரைவரை மெதுவாப் போகச் சொன்னனுங்க."