தவணைக் கடிதத்தில் அடித்த சொல்

வீட்டுக்குள் தண்ணீர் மூன்றடி இரண்டு அங்குலம் நின்றது. சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை அளவு நாடா வைத்து அளந்து அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் வடிந்த ஐந்தாம் நாள், வீட்டுக் கடன் தவணையை மூன்று மாதம் ஒத்திவைக்கக் கேட்டு வங்கிக்குக் கடிதம் எழுதினேன்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கிறவன் நான். அதனால் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. கடன் கணக்கு எண், இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை என்பது, வயரிங், கதவுகள், மோட்டார் எல்லாம் போன விவரம், தவணைப் பணத்தை அவற்றுக்குச் செலவிடப்போகிறேன் என்ற காரணம். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சேதச் சான்றையும் ஆறு புகைப்படங்களையும் இணைத்தேன்.

வங்கியிலும் வெள்ளம் புகுந்திருந்தது. நனைந்த கோப்புகளை மின்விசிறிக்கு அடியில் பரப்பியிருந்தார்கள். கடன் பிரிவு அதிகாரியான பெண் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கடன் ரெண்டு பேர் பேர்ல இருக்கு சார். உங்க தம்பியும் கையெழுத்துப் போடணும்."

மேலும் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒத்திவைக்கும் மாதங்களுக்கும் வட்டி ஓடும். அது அசலோடு சேரும், கடன் முடியும் காலமும் தள்ளிப்போகும். கடிதம் கொடுத்ததாலேயே பிடித்தம் நின்றுவிடாது. மேலிடத்து அனுமதி வரும்வரை ஐந்தாம் தேதி தவணை தானாகவே போகும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதம், பெயரும் கெடும். ஐந்தாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், அங்கேயே குடியிருப்பு. அப்பாவின் மனை எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் கடனிலும் இருவரும் கையெழுத்திட்டோம். தவணை கட்டுவது நான்தான். ஏழு வருடத்துக்கு முன் அஸ்திவாரம் போட்ட நாளில், இன்னும் இரண்டடி தூக்கச் சொன்னான். ரோட்டை உயர்த்திக்கொண்டே போகிறார்கள், தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும் என்றான். எஸ்டிமேட் இடம் கொடுக்காது என்றேன். அவன் விடவில்லை. கொத்தனார் முன்னால், கடன் கட்டப்போகிறவன் நான் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து போவான்.

போனில் கேட்கலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"நேர்ல போங்க. தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவிய?" என்றாள்.

மறுநாள் அவன் ஷிப்ட் முடியும் நேரத்துக்குத் துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் காத்திருந்தேன். வந்தான். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே என்று மட்டும் விசாரித்தான். கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"எல்லாஞ் சரிதாண்ணே. 'எதிர்பாராத விதமாக வெள்ளம் புகுந்து'ன்னு இருக்கே, இது யாரு எழுதுனது?"

"நாந்தான். எல்லாரும் அப்படித்தான எழுதுதாவ."

"எழுதட்டும். நான் எதிர்பாத்தேம்லா. இதுக்குக் கீழ நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. டீ கொண்டுவந்த அண்ணாச்சி கிளாஸை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். ஆனால் அவன் சொன்னது சரி. இரண்டு பேர் கையெழுத்திடும் தாளில் ஒருவருக்குப் பொருந்தாத வாசகம் இருந்தால் அலுவலகத்தில் நானே திருப்பி அனுப்புவேன். பேனாவை எடுத்து 'எதிர்பாராத விதமாக' என்பதை அடித்தேன். அடித்தலோடு வங்கியில் கொடுக்க மனம் வரவில்லை. பையில் வெள்ளைத் தாள் இருந்தது. அந்த மேசையிலேயே கடிதம் முழுவதையும் திரும்ப எழுதினேன். அவன் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துக்குத் தாளை நீட்டும்போது சொன்னேன்: "நீ சொன்ன அன்னைக்கே ரெண்டடி தூக்கியிருக்கணும்லே."

"இப்பச் சொல்லுதிய," என்றான். கையெழுத்துப் போட்டான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

மறுநாள் காலையிலேயே கடிதத்தை வங்கியில் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கினேன். அனுமதி ஏழாம் தேதிதான் வந்தது. அதற்குள் அந்த மாதத் தவணை போய்விட்டது. அடுத்த மாதத்திலிருந்து மூன்று தவணைகள் ஒத்திவைப்பு என்று இருவர் போனுக்கும் செய்தி வந்தது. வயரிங் வேலைக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்ததும் அந்தத் தவணைப் பணம்தான். ஒரு மாதம் கழித்து வரும்படி வயர்மேனிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் தம்பியின் பைக் நின்றது. தெரிந்த வயர்மேன் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தான்.

"பேங்க்ல இந்த மாசத் தவணைய பிடிச்சிட்டான்லா. அட்வான்ஸ் நான் கொடுத்துட்டேன்," என்றான்.

பிளக் பாயிண்டுகளைப் பழையபடி ஒன்றரை அடியில் வைக்கலாமா என்று வயர்மேன் என்னிடம் கேட்டார். நான் அளவு நாடாவை எடுத்துவந்து தம்பியைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்த நாடாவை வாங்கி, சேற்றுக் கோட்டிலிருந்து ஒன்றரை அடி மேலே பென்சிலால் கோடு போட்டான்.

தரையிலிருந்து நாலடி எட்டு அங்குலம். கூடுதல் வயருக்கு எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை. உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.