எண்ணோடு ஒட்டிய எழுத்து

கழுத்தை நீட்டித் திரையைப் பார்ப்பதால் அவருக்குக் கொக்கு அக்கா என்று பெயர். கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பப்படும் இரத்தப் பரிசோதனை அட்டவணைகளை மருத்துவமனைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. அளவு கூடினால் எண்ணுக்குப் பக்கத்தில் H இருக்கும், குறைந்தால் L. எண்ணை ஒரு கட்டத்திலும் எழுத்தை அடுத்த கட்டத்திலும் போட வேண்டும். மேலாளர் வேகம் வேகம் என்று விரட்டியதால் அக்கா இரண்டையும் ஒரே கட்டத்தில் அடித்தார். ‘268 H’ என்பதைக் கணினி எண்ணாகவே மதிக்காமல் ஒவ்வொருவரின் அளவையும் கோடாகக் காட்டும் வரைபடத்திலிருந்து விட்டுவிட்டது. இயல்பான அளவுகள் மட்டுமே மிஞ்ச, அந்த மாதம் நோயாளிகள் எல்லாரும் குணமானார்கள்.

மேலாளரும் அங்கே சர்க்கரைக்கு இரத்தம் கொடுப்பவர்; வரைபடத்தில் தன் கோடு இறங்கியிருப்பதைப் பார்த்துப் பூரித்து, கேக் வாங்கி வந்தார். அவர் இரண்டாம் துண்டை எடுத்தபோது அவர் பெயரில் தான் அடித்த ‘268 H’ அக்காவுக்கு நினைவு வந்தது. மேலாளரின் அட்டவணையைத் திறந்து, H-ஐ மட்டும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். கோடு விருட்டென்று மேலே ஏறியது.

“என்னக்கா பண்ணீங்க? நல்லாத்தானே இருந்தேன்!”

“நீங்க அப்படியேதான் இருக்கீங்க சார். கணக்குல இப்பத்தான் சேர்ந்தீங்க.”

“அந்த எழுத்தை அழிச்சிடுங்க.”

“அழிச்சாலும் 268 போகாது சார். கேக்கை இந்தப் பக்கம் தள்ளுங்க. மத்தவங்களோடதையும் நகர்த்தணும், பசிக்கும்.”